கேள்விக்குறி போட்ட அறிவுரை

ஜூனியர் வந்து "ரெண்டு பேர் ஒரே நேரத்துல வேலை கொடுக்கிறாங்க, எதையும் முடிக்க முடியல"ன்னு ஆரம்பிச்சதும், "மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தியா?"ன்னு பாயுறாங்களே, அதைத்தான் தாங்க முடியல. அது கேள்வியே இல்லை, கேள்விக்குறி போட்ட அறிவுரை. அவன் "பார்த்தேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவான். "ஏன் முன்னாடியே சொல்லலை?"ன்னா இன்னும் மோசம், விசாரணை மாதிரி ஆகி, சாக்குதான் வரும்.

"இதுல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?"ன்னு கேட்டுட்டு 10 வினாடி வாயை மூடுங்களேன்! "ரெண்டாவது ஆள்கிட்ட முடியாதுன்னு சொல்லப் பயமா இருக்கு"ன்னு நிஜம் அப்போதான் வெளியே வரும். அப்புறம் "வேற என்ன?" கடைசியா, "முதல்ல என்ன செய்யப்போறே, எப்போ?" அவனுக்குத் தெரிய வழியே இல்லாத தகவல்னா மட்டும் நேரா சொல்லிடுங்க, அதுக்கும் கேள்வி கேட்டு வதைக்காதீங்க.