துத்தநாகம் எங்கே போச்சு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் எடுத்த மண் பரிசோதனை முடிவுகளில், பல அளவீடுகளைச் சில கூட்டு அளவுகளாக, அதாவது கூறுகளாகச் சுருக்கும் பிசிஏ முறையைப் போட்டுவிட்டு "முதல் கூறே மாறுபாட்டில் 75 சதவீதத்துக்கு மேல் விளக்குகிறது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். மண் அவ்வளவு எளிமையாகிவிட்டதா, இல்லை ஒரே விஷயத்தை ஆறு பத்தியில், அதாவது அட்டவணையின் ஆறு நெடுவரிசையில், எழுதி வைத்திருக்கிறார்களா?

பாலாற்றுப் பக்கம் இது நடக்கக் காரணம் உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அந்தத் தோலை ஊறவைத்த கழிவுநீர் போய்ச் சேர்ந்த நிலத்தில் சோடியமும் குளோரைடும் சேர்ந்தே ஏறும், அதோடு ஈ.சி என்கிற மின்கடத்தும் திறனும் ஏறும். மூன்றும் சேர்ந்து சொல்வது உப்பு என்ற ஒரே சேதியைத்தான்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஈ.சி, சோடியம், குளோரைடு மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு 0.9. நான்காவதாகத் துத்தநாகம், மற்ற மூன்றோடும் அதற்குத் தொடர்பே இல்லை. ஒவ்வொரு மாறியையும் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுத்து எடுத்துக்கொண்டால் மொத்த மாறுபாடு 4. உப்புக் கூறின் ஐகன் மதிப்பு, அதாவது அந்தக் கூறு சுமக்கும் மாறுபாடு, 1 + 2 × 0.9 = 2.8, அதாவது 70 சதவீதம். துத்தநாகக் கூறு 1, அதாவது 25 சதவீதம். மிச்சம் இரண்டு கூறும் தலா 0.1. "75 சதவீதம் வரும்வரை கூறுகளை எடு" என்று விதி வைத்திருந்தால் முதல் கூறு மட்டும் பத்தாது, இரண்டாவதையும் எடுத்தாக வேண்டும். துத்தநாகம் தப்பித்தது.

இப்போது அதே கோப்பில் கரைந்த உப்பின் மொத்தத்தைச் சொல்லும் டி.டி.எஸ், சோடியத்தின் பங்கைச் சொல்லும் எஸ்.ஏ.ஆர், இ.எஸ்.பி என்று மூன்று பத்திகளைச் சேருங்கள். வயலில் புதிதாக எதையும் தோண்டவில்லை. எல்லா ஜோடிக்கும் அதே 0.9 என்றால் உப்புக் கூறு 1 + 5 × 0.9 = 5.5 ஆகிறது. மொத்தம் 7-இல் அது 78.6 சதவீதம். விதி முதல் கூறோடே நின்றுவிடும், துத்தநாகம் வெளியே. ஐகன் மதிப்பு 1-ஐத் தாண்ட வேண்டும் என்ற இன்னொரு பிரபல விதியிலும் அதற்குக் கதி இல்லை, சரியாக 1-இல் வாசலில் நிற்கிறது. ஒரே வீட்டில் ஆறு ஓட்டு இருந்தால் தனியாக இருப்பவன் தேர்தலில் தோற்கத்தான் செய்வான். ஆனால் நெல் வயலில் துத்தநாகம் குறைந்தால் நட்ட கொஞ்ச நாளிலேயே இலையில் துருப் புள்ளி வந்து பயிர் குட்டையாக நிற்கும். பிசிஏ பார்ப்பது எது அதிகம் மாறுகிறது, எது கூட்டாக மாறுகிறது என்பதை மட்டும்தான். பயிருக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை பத்திகளைச் சலிப்பது. டி.டி.எஸ் பெரும்பாலும் ஈ.சி-யை 640-ஆல் பெருக்கியது. இ.எஸ்.பி பல அறிக்கைகளில் எஸ்.ஏ.ஆரிலிருந்து வாய்பாடு போட்டு எடுத்தது. சில இடங்களில் தழைச்சத்தையே அங்கக கரிமத்திலிருந்து கணக்கிட்டு எழுதிவிடுகிறார்கள். அளந்தது எது, கணக்குப் போட்டது எது என்று ஆய்வகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கேட்க முடியாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. கடைசிக் கூறின் ஐகன் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால், ஏதோ ஒரு பத்தி இன்னொன்றின் நகல். அந்தக் கூறில் எந்த இரண்டு மாறிகள் எதிரெதிர்க் குறியோடு பெரிதாக நிற்கின்றன என்று பாருங்கள், ஜோடி அகப்பட்டுவிடும்.

அடுத்தது மடக்கை. பெரும்பாலான வயல்களில் ஈ.சி 1-க்குள் இருக்க, கழிவுநீர் பாய்ந்த இரண்டு மூன்று வயல்களில் மட்டும் 8, 10 என்று இருந்தால், அந்த மூன்று புள்ளிகளே முதல் கூறின் திசையைப் பிடித்து இழுத்துவிடும். ஈ.சி, சோடியம், குளோரைடு, மணிச்சத்து, துத்தநாகம் போன்ற ஒருபக்கம் வால் நீண்டவற்றுக்கு மடக்கை எடுங்கள். பி.ஹெச்-க்கு வேண்டாம், அது ஏற்கெனவே மடக்கைதான். எடுத்த பிறகும் அந்த வயல்களை நீக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுமைகள், அதாவது கூறில் ஒவ்வொரு மாறிக்கும் உள்ள எடைகள், அடியோடு மாறினால், முதலில் வந்தது வட்டாரத்தின் கூறு அல்ல, அந்த மூன்று வயல்களின் கூறு. (குறி மட்டும் ஒட்டுமொத்தமாக மாறினால் பயப்படாதீர்கள், அதற்கு அர்த்தம் கிடையாது.)

```r
lg <- c("EC","Na","Cl","P","Zn")
d[lg] <- log(d[lg])
v <- c("pH","OC","K", lg)
p <- prcomp(d[v], center = TRUE, scale. = TRUE)
p$sdev^2
round(p$rotation, 2)
```

`scale. = TRUE` விட்டுப்போனால் மொத்தமும் பாழ். எக்டருக்கு இத்தனை கிலோ என்று நூற்றுக்கணக்கில் இருக்கும் சாம்பல்சத்துதான் முதல் கூறாக வரும், ஒற்றை இலக்கத்தில் நிற்கும் பி.ஹெச் காணாமல் போகும். பூஜ்யம் என்று எழுதிய மதிப்பு இருந்தால் மடக்கை சத்தமில்லாமல் `-Inf` ஆகிவிடும், பிறகு `prcomp` இடித்து நிற்கும். அந்தப் பூஜ்யம் பெரும்பாலும் கருவிக்கு எட்டாத அளவு, நிஜப் பூஜ்யம் அல்ல. இன்னொன்று, 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய கோப்புகளில் ஆம்பூரும் வாலாஜாவும் வேலூர் என்றே இருக்கும். மாவட்டப் பெயரை வைத்துப் பழையதையும் புதியதையும் இணைக்காதீர்கள்.

வயல்களை மண்டலங்களாகக் குழு பிரிக்கும்போதுதான் பலர் கவனிக்காத ஒன்று வருகிறது. எல்லாக் கூறுகளையும் அப்படியே எடுத்து, தூரத்தை வைத்துக் குழு பிரிக்கும் கே-மீன்ஸுக்குக் கொடுத்தால், பிசிஏ போடாமல் கொடுத்ததும் இதுவும் ஒன்றுதான், தூரங்கள் மாறவே மாறாது. மேலே சொன்ன ஏழு மாறி உதாரணத்தில், ஆறு உப்பு மாறிகளிலும் ஒரு திட்டவிலக்கம் வித்தியாசப்படும் இரண்டு வயல்களுக்கு இடையே தூரத்தின் வர்க்கம் 6. துத்தநாகத்தில் அதே அளவு வித்தியாசப்பட்டால் 1. முதல் இரண்டு கூறுகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் அதன் திட்டவிலக்கத்தால் வகுத்தால் உப்பின் பங்கு 6 ÷ 5.5, அதாவது சுமார் 1.1 ஆகிறது. துத்தநாகத்துக்கு 1. இப்போதுதான் வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஆனால் எல்லாக் கூறுகளையும் இப்படி வகுத்துவிடாதீர்கள், 0.1 கூறில் இருக்கும் அளவைப் பிழைக்கும் சம உரிமை கிடைத்துவிடும்.

0.1 கூறு எப்போதும் பிழைதானா என்றால் அதுவும் இல்லை. ஈ.சி-யும் இ.எஸ்.பி-யும் சேர்ந்து ஏறுவது முதல் கூறு, ஒன்று ஏற மற்றது ஏறாமல் நிற்பது இந்தச் சின்னக் கூறு. உவர் நிலமா களர் நிலமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உவருக்கு நல்ல நீர் கட்டி வடித்தால் போதும், களருக்கு ஜிப்சம் வேண்டும். முதல் கூறின் வரைபடத்தில் இரண்டும் ஒரே சிவப்பாகத் தெரியும். அதனால் கூறுகளை எல்லை போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் பி.ஹெச், ஈ.சி, இ.எஸ்.பி, துத்தநாகம் ஆகியவற்றின் அசல் மதிப்புகளை, சராசரியோடு குறைந்ததும் கூடியதும் சேர்த்து, வரைபடத்தின் ஓரத்தில் அச்சிடுங்கள். "கூறு 1 = 3.4" என்று எழுதிய தாளைக் குடியாத்தம் பக்கத்து விவசாயி கையில் கொடுத்தால், ஜிப்சம் போடுவதா துத்தநாக சல்பேட் போடுவதா என்று அவர் திருப்பிக் கேட்பார்.