ஃபெரிட்டின் நார்மல், ஆனால் இரும்பு இல்லை

“ஃபெரிட்டின் நார்மலா இருந்தா இரும்புச்சத்துக் குறைவே கிடையாது. மத்த டெஸ்ட் எல்லாம் வீண் செலவு.”

தவறு. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்தால் அதை நம்பலாம். நார்மல் என்றால் அப்படியே நம்ப முடியாது. உடம்பில் அழற்சி இருந்தால், கையிருப்பு காலியாக இருந்தாலும் அது ஏறிவிடும்.

உதாரணமாக, முடக்குவாதம் உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் 85 என்று வைத்துக்கொள்வோம். சீரம் இரும்பு 28. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, அழற்சியிலும் இது இறங்கும். அப்புறம் டிஐபிசி, அதாவது ரத்தம் இரும்பைச் சுமக்கும் மொத்தக் கொள்ளளவு, 400. 28-ஐ 400-ஆல் வகுத்தால் 7 சதவீதம், அந்தக் கொள்ளளவில் இவ்வளவுதான் நிரம்பியிருக்கிறது. 20-க்குக் கீழே போனாலே குறைவுதான். வெறும் அழற்சி என்றால் டிஐபிசியும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இங்கே இறங்கவே இல்லை, சந்தேகம் அங்கேதான் வலுக்கிறது.

சரி, டிஐபிசி நடுவாந்தரமாக வந்தால்? அப்போதுதான் கரையும் டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் டெஸ்ட் கைகொடுக்கும். இரும்புக்கு ஏங்கும் செல்கள், இரும்பை உள்ளே இழுக்க உதவும் இந்த ரிசெப்டரைக் கூடுதலாக உருவாக்கும்; அழற்சி இதை அவ்வளவாக அசைக்காது. ஆனால் தலசீமியாவிலும், சிவப்பணுக்கள் வேகமாகச் சிதையும் நோய்களிலும் இதுவும் ஏறும். சீரம் இரும்போ, முந்தைய நாள் போட்ட இரும்பு மாத்திரைக்கே எகிறிவிடும்.