புதிய சைட் பொறியாளருக்கு ஆறு மாதப் பயிற்சி: எதை அளப்பது?

கட்டுமான நிறுவனங்களில் இளநிலைப் பொறியாளர்களுக்கென்று போடப்படும் பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் மாதத்திற்கு ஒரு தலைப்பும், அதற்கு எதிரே "முடிந்தது" என்று டிக் போட ஒரு கட்டமும் மட்டுமே இருக்கின்றன. "கம்பி செக்கிங்" என்ற கட்டத்தில் டிக் வாங்கியவரை மட்டுமே நம்பி ஒரு பால்கனிக்குக் கான்கிரீட் போட அந்த டிக்கைப் போட்ட மூத்த பொறியாளரே சம்மதிப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே தலைப்புகளை வரிசைப்படுத்துவதற்கு முன், ஒவ்வொரு மாதமும் எதை அளக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதல் இரண்டு மாதங்களில் இது எளிது. முதல் மாதம் வரைபடம் படிப்பதும் கம்பிப் பட்டியல் போடுவதும். அவர் போட்ட பட்டியலின் எடையையும் சைட்டில் உண்மையில் வெட்டிய கம்பியின் எடையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டாம் மாதம் மார்க்கிங்கும் லெவலும். ஆட்டோ லெவலை எடுத்துச் சுற்றிவந்து, தொடங்கிய பெஞ்ச் மார்க்கிலேயே முடிக்கும்போது எத்தனை மில்லிமீட்டர் பிசகுகிறது என்பதே மதிப்பெண்.

மூன்றாம் மாதத்தின் கம்பிப் பரிசோதனைதான் கடினம். இதற்கு நான் பரிந்துரைப்பது இரட்டைப் பரிசோதனை. கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் இளையவர் தனியாகச் சுற்றிவந்து குறைகளைத் தம் நோட்டில் எழுத வேண்டும். மூத்தவர் அந்த நோட்டைப் பார்க்காமல் தாமும் சுற்றிவந்து எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். இளையவர் எத்தனை குறை கண்டுபிடித்தார் என்று எண்ணக் கூடாது, எண்ணினால் கட்டுக்கம்பி தளர்ந்த இடத்தையெல்லாம் எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அவர் தவறவிட்டவற்றில் கட்டடத்தின் பலத்தைப் பாதிப்பவை எத்தனை என்பதே கணக்கு.

எடுத்துக்காட்டாக, 125 மி.மீ. கனமுள்ள ஒரு பால்கனித் தளம். கவர் பிளாக் விடுபட்டதையும் பீமில் ரிங் இடைவெளி கூடியிருப்பதையும் இளையவர் சரியாக எழுதியிருப்பார். ஆனால் ஆட்கள் மிதித்து மேல்கம்பி அமிழ்ந்திருப்பது அவர் கண்ணில் படாது, ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் கம்பியின் எண்ணிக்கையும் இடைவெளியும் வரைபடத்தில் உள்ளபடியேதான் இருக்கும். பால்கனியைத் தாங்குவது அந்த மேல்கம்பிதான். தளத்தின் அடிமட்டத்திலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 60 மி.மீட்டருக்கு இறங்கினால், வளைவைத் தாங்கும் திறன் 40 சதவீதத்திற்கும் சற்று அதிகமாகவே குறைந்துவிடும். இதை வகுப்பெடுத்துச் சொல்வதைவிட, டேப்பைச் சென்ட்ரிங் பலகையில் ஊன்றி அளக்கச் சொல்லி, "சேர் கம்பி எவ்வளவு தூரத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள் தம்பி" என்று அங்கேயே காட்டுவது நல்லது. வாராந்தரச் சந்திப்பை அலுவலக அறையில் வைக்காமல் சைட்டில் அரைமணி நேரம் வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

நான்காம் மாதம் கான்கிரீட். இதில் மாதக் கணக்கு உதைக்கும்: மாதக் கடைசியில் எடுத்த கியூபின் 28 நாள் முடிவு அடுத்த மாதம்தான் வரும் என்பதால், இதன் மதிப்பீட்டை ஐந்தாம் மாதத்தில்தான் முடிக்க முடியும். கியூபின் பலத்தை வைத்து இளையவரை மதிப்பிடுவதும் நியாயமன்று. கலவை பிளாண்டில் போட்டது. அவர் கைக்கு உட்பட்டது, ஒரே மாதிரியில் எடுத்த மூன்று கியூபுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவது. ஐ.எஸ். 456-இன்படி எந்தக் கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 27, 33, 24 என்று வந்தால் சராசரி 28; மேல் எல்லை 32.2 என்பதால் 33 அதைத் தாண்டுகிறது, அந்த மாதிரியே செல்லாது. மூன்று அடுக்காக நிரப்பிக் குத்தியதிலோ, மோல்டைக் கழற்றியதிலோ, தண்ணீர்த் தொட்டியில் போடாமல் விட்டதிலோ, ஆய்வகத்தில் மெஷினில் வைத்து உடைத்ததிலோ கோளாறு இருக்கும். முதல் மூன்று கட்டங்களிலும் அவர் உடனிருந்தாரா என்று கேட்டாலே பாதி விஷயம் வெளிவந்துவிடும்.

ஐந்தாம் மாதத்து அளவெடுத்தலையும் பில் தயாரிப்பதையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்ததாரரே வந்து பிழைகளைச் சுட்டிக்காட்டுவார், அவருக்குப் பாதகமானவற்றை மட்டும்.

ஆறாம் மாதம் ஒரு தளத்தை முழுதாக அவர் பொறுப்பில் விடலாம், ஆனால் காலண்டரைப் பார்த்து அல்ல. தொடர்ந்து மூன்று தளங்களில் பலத்தைப் பாதிக்கும் குறை எதையும் அவர் தவறவிடவில்லை என்று நோட்டில் இருந்தால் மட்டுமே கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏழாம் மாதத்திலும் இரட்டைப் பரிசோதனை தொடர வேண்டும், நிர்வாகம் கேட்டால் அந்த நோட்டையே காட்டலாம்.