"மூணு அடிதானே பாஸ் கூடிச்சு?"

ஹட்டன் பக்கம் ஒரு வீட்டு வேலை. பின்னால் வெட்டிய மேடு சரியாமல் இருக்க ஒரு கருங்கல் அணை கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் இருந்தது 40 அடி நீளம், 6 அடி உயரம். மேலே ஒன்றரை அடி கனம், அடியில் இரண்டரை, சராசரி 2 அடி. மொத்தம் 480 கன அடி. நூறு கன அடி ஒரு கியூப் என்பதால் 4.8 கியூப். அத்திவாரம் தனி.

வேலை தொடங்கியதும் வீட்டுக்காரர், "பின்னால கொஞ்சம் இடம் கூடினா நல்லம்தானே" என்றார். மேட்டை இன்னும் உள்ளே வெட்டினோம். அணை 9 அடி ஆகிவிட்டது. அந்த உயரத்துக்கு எஞ்சினியரிடம் காட்டாமல் கல் வைக்கக்கூடாது. அவர் அடியில் நாலரை அடி கனம் போடச் சொன்னார். "காசை அப்புறம் பார்ப்போம் சேர்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் கட்டினேன்.

பில் கொடுத்ததும் பிரச்சினை வந்தது. ஆறு அடிக்கு மேல் மூன்று அடி, அதனால் பாதிக் காசுதான் கூட வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை, முன்னால் நின்று பார்ப்பவருக்கு உயரம் மட்டும்தான் தெரியும். ஆனால் அணை உயர உயர கனமும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மழைக்கு ஊறிய மண் அதைத் தள்ளிவிடும். புதிய சராசரிக் கனம் 3 அடி. 40 அடி, 9 அடி, 3 அடி என்று பெருக்கினால் 10.8 கியூப். பழைய 4.8-ஐக் கழித்தால் கூடுதல் 6 கியூப். அதாவது மொத்த வேலை இரண்டு மடங்குக்கும் மேல். விலையை நான் கூட்டவில்லை, ஒப்பந்தத்தில் இருந்த கியூப் விலையைத்தான் போட்டேன். அதே வகை வேலைக்குப் புது விலை கேட்பது நியாயமில்லை.

ஆனால் பின்பக்கம் மண் போட்டு மூடியாயிற்று. கனத்தை எப்படிக் காட்டுவது? தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தண்ணீர் வடியும் பைப் வைத்திருந்தோம். அதற்குள் கம்பியை விட்டோம். பின்னால் போட்ட சல்லியில் முட்டும்போது நாலு அடிக்கு மேல் உள்ளே போயிருந்தது. பழைய அளவுப்படி அந்த இடத்தில் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல்தான் இருந்திருக்கும். கம்பியை வெளியே எடுத்து அவரே டேப்பால் அளந்தார். கல் கட்டுக்கான காசு வந்தது.

அத்திவாரத்தை அகலமாக வெட்டிய காசு வரவில்லை. அதற்கு என்னிடம் அளவும் இல்லை, படமும் இல்லை. மண்ணுக்குள் போனதை யாரை நம்பச் சொல்வது? அது என் பிழை.

இந்த வேலை செய்யும் தம்பிமாரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். மூடப்போகும் எதையும் மூடுவதற்கு முன் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். வீட்டுக்காரர் புதிதாக ஒன்று சொன்னால் அன்று மாலையே பழைய அளவு, புது அளவு, வித்தியாசம், ஒப்பந்த விலை எல்லாவற்றையும் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு கல்லை இறக்குங்கள். இப்போது கொட்டகலையில் ஒரு வேலை நடக்கிறது. நேற்று அங்கே படிக்கட்டு இரண்டு கூடியது. பதில் வரும்வரை மேசனை வேறு பக்கம் பூச விட்டிருக்கிறேன்.