அஞ்சு நிமிஷம், யார் வீட்டு அடுப்பில்?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் தம்பி ஒருவன், எந்தச் சமையல் புத்தகம் வாங்கட்டும் என்று கேட்டான். 'முந்நூறு வகைக் குழம்பு' மாதிரி எதையும் தொடாதே என்றேன். அனுபவம்.

நான் அங்கே படிக்கப் போன முதல் மாதம், விடுதியில் இரும்புத் தட்டு வைத்த மின்சார அடுப்பு. செய்முறையில் "வெங்காயம் பொன்னிறமாக 5 நிமிடம் வதக்கவும்" என்றிருந்தது. 5 நிமிஷத்தில் வெங்காயம் வெளுத்துத் துவண்டதுதான் மிச்சம். அப்படியே மசாலா போட்டேன், குழம்பெல்லாம் பச்சை வாடை. மறுநாள் சூட்டைக் கூட்டினேன். ஓரம் கருகி, நடு வேகவில்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 பக்கம் போகவேண்டும். சின்னச் சட்டியில் மூன்று பெரிய வெங்காயத்தைக் குவித்தால் அது வதங்காது, தன் ஆவியிலேயே அவியும். காதை வைத்துக் கேட்டாலே தெரியும்: தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று சத்தம், வற்றியதும் அது அடங்கி எண்ணெய் மெல்லப் பொரியும். என் அடுப்பில் அதற்கு 20 நிமிஷம் ஆனது. இன்னொன்று, இரும்புத் தட்டு லேசில் ஆறாது. குமிழைத் திருப்பிவிட்டு நின்றால் கடுகு கருகிவிடும், சட்டியையே தூக்கி நகர்த்தவேண்டும்.

இப்படி யோசிக்கப் பழக்கிய புத்தகம் சமீன் நொஸ்ரத் எழுதிய 'சால்ட் ஃபேட் ஆசிட் ஹீட்' (2017). உப்பு, கொழுப்பு, புளிப்பு, சூடு நான்கும் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் முதல் பாதி முழுக்க. செய்முறைகள் பின்பாதியில்தான். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் புத்தகங்களில் வரும் கோஷர் உப்பு பரல் பரலாக இருக்கும், நம் தூள் உப்பைவிட லேசு. அதே ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டுவிட்டு ஒரு பானை சூப்பைக் கொட்டியிருக்கிறேன். கிராம் கணக்கு இருந்தால் அதைப் பார், இல்லையென்றால் பாதி போட்டு ருசி பார்.

நம் புளிக்குழம்பு அதில் கிடைக்காது. நம் பக்கத்துக்கு கிரிஷ் அசோக்கின் 'மசாலா லேப்' (2020) பொருந்தும். அதுவும் ஆங்கிலத்தில் எழுதியதுதான், ஆனால் பேசுவது நம் அடுக்களையை. புளிக்கரைசலில் பச்சை உருளைக்கிழங்கைப் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தவன் நான். புளிப்பு காய்கறியின் சதையை இளகவிடாது, கிழங்கை முதலில் வேகவைத்துவிட்டுத்தான் புளி ஊற்றவேண்டும். இந்த மாதிரி 'ஏன்'களைச் சொல்லும் புத்தகம் ஒன்று பெட்டியில் இருந்தால் போதும்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அம்மா சிரித்தார். "எண்ணெய் பிரியுற வரைக்கும் வதக்குன்னு நான் சொன்னப்போ, எத்தனை நிமிஷம்னுதானே கேட்ட?"