பன்னிரண்டு கட்டினால் பத்தொன்பதாம்!

உயிர்க் காப்புறுதியும் சேமிப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த பொலிசியை விற்க, கல்லடி மண்டபத்தில் காப்புறுதி முகவர்கள் வைத்த கூட்டத்து வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: "இதில் வருடத்துக்கு எத்தனை வீதம் வட்டி விழுகிறது?" பதிலுக்கு, குடும்பத்தில் அக்கறை இல்லாதவன் என்ற பட்டம் கிடைத்தது. சனம் கைதட்டியது. சந்தோசம்.

மேடையில் சொன்ன கணக்கையே எடுப்போம். மாதம் 5,000 ரூபாய், 20 வருடம், காப்புறுதித் தொகை 10 லட்சம். கட்டுவது மொத்தம் 12 லட்சம். போனஸ் அந்தத் தொகையில் ஆயிரத்துக்கு 46 ரூபாய், அதாவது வருடம் 46,000. இருபது வருடத்தில் 9 லட்சத்து 20 ஆயிரம். முடிவில் கைக்கு வருவது 19 லட்சத்து 20 ஆயிரம். "ஏழு லட்சத்துக்கு மேல லாபம்!" என்றார் முகவர் தம்பி.

அந்த ஏழு லட்சம் 20 வருடம் காத்திருந்து வந்தது. மாதாமாதம் போட்ட காசு அவ்வளவாக வளர வருட வட்டி எத்தனை வேண்டும் என்று பார்த்தால், ஏறக்குறைய நாலரை வீதம். அவ்வளவுதான். காரணமும் எளிது. இந்தத் திட்டத்தில் முதல் வருடம் எழுதிய 46,000 போனஸ், இருபதாம் வருடமும் அதே 46,000தான். அது குட்டி போடாது. அதோடு இந்தப் போனஸ் உத்தரவாதமும் இல்லை, வருடா வருடம் கம்பனி அறிவிப்பது. அவர்கள் தந்த தாளின் அடியில் அது பொடி எழுத்தில் இருந்தது, மேடையில் யாரும் வாசிக்கவில்லை.

இனி மற்ற வழி. அதே 10 லட்சத்துக்குத் தனி உயிர்க் காப்புறுதி, ஆள் செத்தால் மட்டும் காசு தருவது. முப்பது வயது, நோயில்லாத ஆளுக்கு மாதம் 500 என்று வைப்போம். வயதும் வருத்தமும் இருந்தால் கூடும். மிச்சம் 4,500ஐச் சேர்த்துச் சேர்த்து நிலையான வைப்பில் போட்டு, வட்டியை எடுக்காமல் புதுப்பித்தால்? எட்டு வீத வட்டி, அதில் 10 வீத வரி போனால் 7.2. இருபது வருடத்தில் 23 லட்சத்துக்கு மேல். நாலு லட்சம் வித்தியாசம், ஐயா!

"அவர் எட்டாம் வருடமே செத்தால்?" என்று இன்பொக்ஸில் ஒருவர். சரி, சாகடித்தே பார்ப்போம். பொலிசியில் 10 லட்சமும் எட்டு வருடப் போனஸும், 13 லட்சத்து 68 ஆயிரம். மற்ற வழியில் 10 லட்சமும் வைப்பில் சேர்ந்த ஐந்தே முக்கால் லட்சமும், பதினைந்தே முக்கால். செத்தாலும் இதுதான் கூட.

வைப்பு வட்டி எப்போதும் எட்டாக இருக்குமா என்று கேட்பது நியாயம். 2021இல் ஐந்துக்குக் கிட்ட விழுந்தது. வரி போக ஐந்தரைக்குக் கீழே இருபது வருடமும் நின்றால் பொலிசிதான் வெல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022இல் அதே வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் எழுபது வீதத்தைத் தொட்டது. வைப்புக்காரர் புதிய வட்டிக்குப் புதுப்பித்துக் கொஞ்சமாவது தப்பினார். பொலிசிக்காரரின் 10 லட்சம் பத்தாகவே இருந்தது.

அப்புறம் அந்தப் பெரிய வாதம்: "எங்கட சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது, கட்டாயம் இருந்தால்தான் கட்டும்." நாவலடியில் என் மச்சாள் இருக்கிறார். அந்த 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் மச்சானின் தோணி கரையில் கிடந்தது. அவர்களின் இதே மாதிரிப் பொலிசிக்கு நாலாம் வருடத் தவணை நின்றது. அதுவரை கட்டியது இரண்டு லட்சத்துக்குக் கிட்ட, பொலிசியை இடையில் முறித்துச் சரண்டர் பண்ணியபோது பாதிகூட வரவில்லை. பொதுவாக முதல் மூன்று வருடத்துக்குள் நிறுத்தினால் ஒன்றுமே இல்லை. ஆரம்பக் கட்டணத்தில் பெரும் பங்கு முகவர் கொமிஷனுக்கும் செலவுக்கும் போகிறது. வைப்பை இடையில் உடைத்தால் வட்டியில் வெட்டுவார்கள், போட்ட காசில் கைவைக்க மாட்டார்கள். மாதச் சீட்டு ஒன்றையும் தவறவிடாத மச்சாளுக்கா சேமிக்கத் தெரியாது?

முகவர் தம்பிமார் கோபிக்கிறீர்கள். உங்கள் வயிற்றுப்பிழைப்பு எனக்கு விளங்குகிறது. அதே கம்பனியில் அந்தத் தனிக் காப்புறுதியும் இருக்கிறதே, மேடையில் ஏன் அதன் பேரே வரவில்லை? காப்புறுதியே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? இரண்டு தரம் எழுதிவிட்டேன், இது மூன்றாம் தரம்: உயிருக்குக் காப்புறுதி எடுங்கள், சேமிப்பை அதற்குள் போடாதீர்கள். என்னை விதவைகளின் வயிற்றில் அடிப்பவன் என்று எழுதிய அண்ணன், என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணன்.

அடுத்த ஞாயிறு ஆரையம்பதியில் கூட்டமாம். போகிறவர்கள் மூன்றாம், ஐந்தாம், பத்தாம் வருடம் நிறுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தாளில் எழுதிக் கையொப்பத்தோடு கேளுங்கள். தந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், கணக்கை நான் பார்த்துச் சொல்கிறேன்.