ஒரு நாளைக்கு 192 தடவை "இயல்பு"

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பாலைக் குளிர வைக்க நாலு டேங்க். ஒவ்வொரு டேங்கிலிருந்தும் அரை மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும்: "பால் குளிரூட்டு நிலைய நிலவர அறிக்கை: இயல்பு. நடவடிக்கை தேவையில்லை." நாள் ஒன்றுக்கு 192. டேங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இரண்டாவது வாரமே அதை மியூட்டில் போட்டுவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

போன ஏப்ரலில் ஒரு நாள் காலை, டேங்கரில் ஏற்றும் முன் 3-ஆம் டேங்க் பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். திரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க வந்த மெசேஜ்களையும், அவற்றை அனுப்பும் பெட்டியில் பதிவான டிகிரியையும் அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை ஒரே எண், 4.0. மெசேஜ் எல்லாமே "இயல்பு".

அந்த 4.0-தான் கோளாறே. மாலையில் கறந்த பால் வெதுவெதுப்பாக வந்து விழும். டேங்க் ஏழு, எட்டு டிகிரிக்கு ஏறி, மெதுவாகத்தான் நாலுக்கு இறங்க வேண்டும். அன்றைக்கு ஏறவே இல்லை. சென்சார் ஒயர் அறுந்து, பெட்டி கடைசியாகக் கிடைத்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரும் அதே எண்ணை நம்பி ஓடாமல் நின்றுவிட்டது. 24 மெசேஜையும் யாராவது படித்திருந்தாலும் பிடித்திருப்பார்களா என்பது சந்தேகம், ஏனென்றால் "இயல்பு" என்ற சொல்லில் அந்த எண்ணே இல்லை.

சரி, மெசேஜையெல்லாம் நிறுத்திவிடலாமா என்றால் அதுவும் ஆபத்து. கரண்ட் போய் மோடமும் அணைந்துவிட்டால், மெசேஜ் வராததை எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் அரை மணிக்கு ஒரு முறை வரும் அந்த மெசேஜை, நாடித் துடிப்பு மாதிரி, மனுஷனுக்கு அனுப்பாமல், வேறு ஊரில் இருக்கும் ஒரு சர்வருக்குத் திருப்பினேன். இரண்டு துடிப்பு தொடர்ந்து தவறினால் சர்வர் அண்ணனுக்குப் போன் அடிக்கும். பால் ஊற்றியும் டிகிரி ஏறாவிட்டாலும் அடிக்கும். ஏறியது இரண்டு மணி நேரத்தில் இறங்கத் தொடங்காவிட்டாலும் அப்படித்தான். பால் ஊற்றியதும் ஏறுவதற்கு மட்டும் அடிக்காது. அதற்கும் அடித்தால் தினம் இரண்டு பொய் அலாரம், போனும் மியூட்டுக்குப் போய்விடும்.

படிக்க வேண்டிய மெசேஜ் தினம் ஒன்றே ஒன்று, டேங்கர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பூட்டிய போனில் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும், பழைய மெசேஜில் அந்த இடத்தை நிலையத்தின் பெயரே தின்றுவிட்டது. இப்போது வருவது இது: "3-ஆம் டேங்க்: ஏற்றும் முன் சோதிக்கவும். நேற்று 8 வரை ஏறி, 4-க்கு வர 5 மணி நேரம்." கோளாறில்லாத நாளிலும் அந்த ஏற்ற இறக்க எண்கள் வரும். தினமும் கொஞ்சம் மாறுவதால் கண் அங்கே போகிறது. "நேத்து 2-ஆம் டேங்க் கொஞ்சம் லேட்டா இறங்கிச்சே" என்று அண்ணனே இப்போது எனக்குச் சொல்கிறார்.

சங்கச் செயலாளருக்கு மட்டும் பழைய அரை மணி மெசேஜே வேண்டுமாம், அதுதான் தைரியமாக இருக்கிறதாம். அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் போனும் மியூட்டில்தான்.